பத்துக் கேள்வி, ஐந்து கேள்விக்குறி

*அண்ணா, திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஐரோப்பிய பையர் ஒருவர் ஜூலை 1 அன்று நீளமாக ஒரு மெயில் போட்டிருந்தார். அன்றைக்கே உட்கார்ந்து பதில் அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் 'கீழே இருக்கும் என் மெயிலை இன்னொரு முறை படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்' என்று ஒரே ஒரு வரி வந்தது. எங்கள் எம்.டி.யும் சி.சி.யில் இருக்கிறார். எதை விட்டேன் என்றே எனக்குப் புரியவில்லை. இரண்டு மெயிலையும் தமிழில் எழுதி, காஸ்டிங் ஷீட்டோடு இணைத்திருக்கிறேன். இதை எப்படித் திருத்தி எழுதுவது?*

*— பெயர் வேண்டாம், திருப்பூர்*

தம்பி, முதலில் பையரின் மெயிலை இங்கே போட்டுவிடுகிறேன். மற்ற வாசகர்களும் பார்க்க வேண்டும். அவர்களுக்காக ஒரு வார்த்தை: ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்; லேப் டிப் என்பது நிற ஒப்புதலுக்காகச் சாயம் ஏற்றி அனுப்பும் சின்னத் துணி மாதிரி; ஓகோ-டெக்ஸ் என்பது துணியில் தீங்கான ரசாயனம் இல்லை என்பதற்கான சான்றிதழ்; எல்.சி. என்பது பையரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்றுத் தரும் கடிதம். நீங்களும் இதை இன்னொருவருக்கு வந்த மெயிலாக நினைத்துக்கொண்டு படியுங்கள்.

> புது சீசனுக்கு ஆண்கள் வட்டக்கழுத்து டி-சர்ட் மறுபடி எடுக்கிறோம். போன முறை 160 ஜிஎஸ்எம்; இந்த முறை 180 வேண்டும் என்கிறார்கள். பீஸுக்கு எவ்வளவு ஏறும், அதே நூலிலேயே செய்ய முடியுமா? மூன்று நிறம், நிறத்துக்கு 1,200 பீஸ்தான் வரும். உங்களுடைய குறைந்தபட்ச அளவுக்கு இது போதுமோ என்னவோ. போன ஆர்டரில் நேவி இரண்டு மூன்று சலவையிலேயே வெளுத்துவிட்டதாக இரண்டு கடைகளிலிருந்து புகார். இந்த முறை என்ன செய்யப் போகிறீர்கள்? லேப் டிப் எப்போது கிடைக்கும்? உங்கள் ஓகோ-டெக்ஸ் இப்போதும் செல்லும் என்று நினைக்கிறேன், எங்கள் தர அலுவலர் உறுதி கேட்கிறார். அப்புறம், ஆர்கானிக் பருத்தியில் விலை கேட்டிருந்தேனே? சரக்கு அக்டோபருக்குள் தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறியாக வேண்டும். 30 சதவீத முன்பணத்துக்குப் பதில் எல்.சி. கொடுக்கலாமா என்று எங்கள் கணக்குப் பிரிவில் கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். பார்கோடு ஸ்டிக்கர் நாங்கள் அனுப்புவதா, நீங்களே அடிப்பதா?

இதற்கு நீங்கள் எழுதியது இது:

> தங்கள் மெயிலுக்கு மிக்க நன்றி. மீண்டும் எங்களை நாடியதில் மகிழ்ச்சி. 180 ஜிஎஸ்எம் தாராளமாகச் செய்யலாம், 14 சென்ட் கூடும். லேப் டிப் அடுத்த வாரம் அனுப்புகிறோம். ஷிப்மெண்ட்டுக்குப் பிரச்சினை இல்லை. ஓகோ-டெக்ஸ் இருக்கிறது. நேவி விஷயத்தில் இந்த முறை மிகுந்த கவனம் எடுப்போம். எல்.சி. பற்றி எம்.டி.யிடம் கேட்டுச் சொல்கிறேன். மற்ற விவரங்கள் விரைவில்.

பையரின் மெயிலில் கேள்விக்குறிகளை எண்ணுங்கள். ஐந்துதான் இருக்கின்றன. கேள்விகளோ பத்து. முதல் கேள்விக்குறிக்குள்ளேயே விலை ஒன்று, நூல் ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. 1,200 பீஸ், ஓகோ-டெக்ஸ், அக்டோபர் கப்பல், எல்.சி. ஆகிய நான்குக்கும் கேள்விக்குறியே கிடையாது. 'போதுமோ என்னவோ', 'உறுதி கேட்கிறார்', 'ஏறியாக வேண்டும்' என்று சாதாரண வாக்கியம் மாதிரி போய்விடுகின்றன. அவர் எழுதிய வேகத்தில் அப்படி வந்திருக்கிறது. ஆனால் நான்குக்கும் பதிலை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் பதிலில் நூல், 1,200 பீஸ், ஆர்கானிக் விலை, பார்கோடு என்று நான்கு அடியோடு விட்டுப்போயிருக்கின்றன. 'மற்ற விவரங்கள்' என்பதற்குள் அவை அடங்கும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அந்த 'மற்ற'வில் எதெல்லாம் சேர்த்தி என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவருக்குக் கோபம் வந்தது இந்த நான்கினால் மட்டும் இருக்காது. நீங்கள் பதில் சொன்ன ஆறிலும் பாதி, அவர் அடுத்த வேலையைச் செய்ய உதவாத பதில். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது திருத்தும் வேலை. மெயிலைத் திறந்து நேராகப் பதில் தட்ட ஆரம்பிக்காதீர்கள். பையரின் மெயிலைப் பிரிண்ட் எடுங்கள், அல்லது ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நின்று, 'இதற்கு நான் ஒன்றும் சொல்லாவிட்டால் இவர் திரும்பக் கேட்பாரா?' என்று பாருங்கள். கேட்பார் என்றால் ஓரத்தில் ஓர் எண் போடுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு இருந்தால் இரண்டு எண். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் வேறு என்றால் கட்டாயம் பிரிக்க வேண்டும். இங்கே விலை காஸ்டிங்கில் கிடைக்கும், நூல் பற்றி நிட்டிங்கில் கேட்க வேண்டும். இந்தப் பத்தையும் எண் போட்டு எடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

எண் போட்டதும் பக்கத்தில் சின்னதாக ஒரு குறி வையுங்கள்: இப்போதே தெரிந்தது, யாரிடமாவது கேட்க வேண்டியது, முடியாது என்று சொல்ல வேண்டியது. நேற்று நீங்கள் சறுக்கியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். தெரிந்ததையெல்லாம் முதலில் எழுதித் தள்ளிவிட்டு, தெரியாதவற்றை மொத்தமாக வாலில் கட்டிவிட்டீர்கள். அதனால் வரிசை குலைந்தது. பையர் தன் மெயிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் பதிலை ஒப்பிட்டால் ஒன்றாவது கேள்வி, ஐந்தாவது, எட்டாவது, ஆறாவது, நான்காவது, ஒன்பதாவது என்று தாவுகிறது. அவருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்.

வரிசை எப்போதும் கேட்டவரின் வரிசைதான். நமக்கு முக்கியமானது முதலில், சுலபமானது முதலில் என்றெல்லாம் மாற்றக் கூடாது. அவர் தன் மெயிலைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வருவார். நான்காவதற்குப் பதில் தெரியாவிட்டாலும் நான்காவது இடம் காலியாக இருக்கக் கூடாது. அங்கே எப்போது சொல்வோம் என்ற தேதி உட்கார வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு பதில் மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடும் என்றால், உதாரணத்துக்கு அக்டோபருக்குள் சரக்கே தர முடியாது என்றால், அதை மேலே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏழு பதில்களை ஆசையாகப் படித்துவிட்டு எட்டாவதில் முட்டிக்கொள்வார். மேலே சொல்லியிருந்தாலும் எட்டாவது இடத்தில் அந்தப் பதில் மறுபடி வர வேண்டும்.

பையரே எண் போட்டு அனுப்பியிருந்தால் அந்த எண்ணைத் தொடாதீர்கள். அவருடைய 3-இல் இரண்டு கேள்வி இருந்தால் 3அ, 3ஆ என்று பிரியுங்கள். நீங்கள் புதிதாக 4 என்று போட்டுவிட்டால், அதற்கப்புறம் அவருடைய 5 உங்களுக்கு 6 ஆகிவிடும். போனில் பேசும்போது இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அவருடைய மெயிலுக்கு உள்ளேயே, ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சிவப்பு எழுத்தில் பதில் போடும் பழக்கம் நம் ஊரில் நிறைய. 'பதில்கள் கீழே சிவப்பில்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது. முதல் சுற்றில் அது நன்றாகத்தான் இருக்கும். அவர் அதற்கு நீலத்தில் பதில் போடுவார், அவருடைய கணக்குப் பிரிவு பச்சையில் போடும், யாரோ ஒருவர் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுப்பார். நிறத்தைக் காட்டாத எளிய எழுத்து வடிவில் மெயில் போனால் கேள்வி எது பதில் எது என்றே தெரியாது. அதோடு இவர் எழுதியிருப்பது ஒரே பத்தி. நடுநடுவே உடைத்துப் பதில் செருகினால் கந்தலாகிவிடும். இவருக்குப் புதிதாக ஒரு பட்டியல் எழுதுவதுதான் சரி. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் கேள்வியை மூன்று நான்கு சொல்லில் எழுதுங்கள், அதற்குக் கீழே பதில். 'ஆம்', 'சரி', 'மேலே சொன்னபடி' என்று கேள்வியே இல்லாமல் பதிலை மட்டும் போடாதீர்கள். பையர் உங்கள் மெயிலை அப்படியே வைத்துக்கொள்ளப் போவதில்லை. 4-ஐயும் 6-ஐயும் தர அலுவலருக்கும், 9-ஐக் கணக்குப் பிரிவுக்கும் வெட்டி அனுப்புவார். வெட்டிய துண்டு தனியாக நின்று பேச வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அவுட்லுக்கில் 1 என்று அடித்துப் புள்ளி வைத்து இடைவெளி விட்டால், அது தானாகவே பட்டியலாக மாறிக்கொள்ளும். நடுவில் ஒரு பத்தி எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்கு வந்தால் சில சமயம் மறுபடி 1-இலிருந்து தொடங்கிவிடும், அல்லது அங்கிருந்து நகல் எடுத்து ஒட்டும்போது எண்ணே காணாமல் போகும். பட்டியலாக மாறிய அந்த நொடியே `Ctrl+Z` அழுத்தினால் நீங்கள் அடித்த எண் வெறும் எழுத்தாக நிற்கும். அப்படியே பத்து வரை போய்விடுங்கள்.

சரி, பதில்களுக்கு வருவோம். காஸ்டிங் ஷீட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டேன். இல்லாத இடத்தில் எடுத்துக்காட்டுக்கு நானாக ஒரு தேதி போட்டிருக்கிறேன். உங்களுடைய உண்மைத் தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓகோ-டெக்ஸை முதலில் எடுக்கிறேன், உங்கள் பதிலில் ஆபத்தானது அதுதான். 'ஓகோ-டெக்ஸ் இருக்கிறது' என்று எழுதினீர்கள். அது பொய்யில்லை. ஆனால் ஸ்டாண்டர்ட் 100 சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். அது செப்டம்பர் 30-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு கப்பல் ஏறுவது அக்டோபரில். இன்றைக்கு இருக்கும் சான்றிதழ் அன்றைக்கு இருக்காது. தர அலுவலர் கேட்டது அதைத்தான், அவர் சொல்லாவிட்டாலும். ஆகவே முடியும் தேதியையும் எப்போது புதுப்பிப்போம் என்பதையும் எழுதி, சான்றிதழையே இணைக்க வேண்டும். சான்றிதழ் எண்ணை வைத்து அவர்கள் ஓகோ-டெக்ஸ் தளத்தில் சரிபார்த்துக்கொள்ள முடியும். நீங்கள் மறைத்தாலும் தெரிந்துவிடும்.

'ஷிப்மெண்ட்டுக்குப் பிரச்சினை இல்லை' என்பதும் அதே ரகம்தான். நம் ஊரில் ஒருவரும் சொல்லாமலே தெரிந்துகொள்கிற ஒரு விஷயம் அந்தப் பையருக்குத் தெரியாது. தீபாவளி அக்டோபர் மூன்றாவது வாரத்தில் விழுந்தால், தையல்காரர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்கு முன்னால் பேக்கிங் முடிந்தால்தான் உண்டு. அதற்கு நிற ஒப்புதலும் பி.ஓ. என்கிற ஆர்டர் கடிதமும் அவர் கையிலிருந்து எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று பின்னாலிருந்து எண்ணி எழுத வேண்டும். 'பிரச்சினை இல்லை' என்று நீங்கள் எழுதிவிட்டு, அவர் ஒப்புதலை ஆகஸ்ட் கடைசி வரை வைத்திருந்தால், தாமதம் உங்கள் தலையில்தான் விழும். தேதியோடு எழுதியிருந்தால் அவருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

1,200 பீஸுக்குப் பதில் உங்கள் ஷீட்டிலேயே இருக்கிறது. 160 ஜிஎஸ்எம்மில் பீஸுக்கு 200 கிராம் துணி போட்டிருக்கிறீர்கள். 180 என்றால் எடை எட்டில் ஒரு பங்கு ஏறும், 225 கிராம். 1,200 பீஸுக்கு 270 கிலோ. 300 கிலோ சாய மெஷினில் ஒரே லாட்டில் முடிந்துவிடும். இதை ஒரு வரியில் அவருக்குச் சொல்லுங்கள். வெறும் 'சரி' என்பதைவிட இது நல்ல பதில், ஏனென்றால் ஒரே லாட் என்றால் ஒரே நிறத்துக்குள் ஷேடு மாறாது என்று அவருக்குத் தெரியும். கழுத்து ரிப்பும் அதே லாட்டில் சாயம் ஏறுகிறதா என்று மட்டும் உங்கள் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூல் கேள்வியை நீங்கள் விட்டதற்குக் காரணம் நிட்டிங்கில் கேட்கச் சோம்பல்பட்டது என்று ஊகிக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். போன முறை 26 கவுண்ட். கவுண்ட் எண் குறையக் குறைய நூல் தடிமனாகும். அதே நூலை வைத்துக்கொண்டு 180 கொண்டுவர லூப்பை இறுக்க வேண்டும், துணி விறைப்பாகிவிடும். 24-க்கு மாறுவதுதான் வழக்கம். 'அதே நூலில் முடியாது, 24-இல் செய்கிறோம், இந்தக் காரணத்துக்காக' என்று எழுதினால் அது ஒரு 'முடியாது' பதில்தான், ஆனால் அதைப் படித்து எந்தப் பையரும் முகம் சுளிக்க மாட்டார். அவர் விலையையும் நூலையும் சேர்த்துக் கேட்டதே இதற்குத்தான்: 14 சென்ட் நூல் மாறியதற்கா, எடை ஏறியதற்கா என்று பார்க்க.

நேவி புகாருக்கு மட்டும் மெயிலுக்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். புகாருக்கான பதிலைப் பத்தோடு பதினொன்றாகப் படிக்க நேர்ந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். பேசிவிட்டு, பேசியதை நான்காவது இடத்தில் எழுதுங்கள். 'மிகுந்த கவனம் எடுப்போம்' என்பது பதிலே இல்லை. போன லாட்டிலிருந்து எடுத்து வைத்த மாதிரி, அதாவது கவுண்டர் சாம்பிள், உங்களிடம் இருக்கும். அதை ஐ.எஸ்.ஓ. 105-சி06 சலவைச் சோதனைக்கு அனுப்புங்கள், நிற மாற்றத்துக்குக் கிரே ஸ்கேலில் எத்தனையாவது தரம் வருகிறது என்று பாருங்கள். சாயம் ஏறியபின் சோப்பிங் சரியாக நடக்காமல் ஒட்டாத சாயம் துணியிலேயே தங்கியிருந்தால், அடர்ந்த நிறம் இப்படித்தான் சலவைக்குச் சலவை இறங்கும். ஆனால் ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் காரணம் இதுதான் என்று எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். நாளைக்கு அந்த வரியைக் காட்டிப் போன ஆர்டருக்குத் தள்ளுபடி கேட்பார்கள். என்ன சோதிக்கிறோம், எப்போது முடிவு, இந்த முறை சரக்கு கிளம்பும் முன் எந்த ரிப்போர்ட் அவர் கைக்கு வரும் என்ற மூன்றும் போதும்.

எல்.சி. விஷயத்தில் 'எம்.டி.யிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்பதில் தப்பில்லை. தேதி இல்லாததுதான் குறை. உங்கள் எம்.டி. ஏன் யோசிப்பார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த 30 சதவீதத்தில்தான் நூல் வாங்குவது. எல்.சி. என்றால் அதை வங்கியில் காட்டி பேக்கிங் கிரெடிட் என்ற கடன் எடுக்கலாம், ஆனால் வட்டி உண்டு. அதனால் அவர் 'அட் சைட் என்றால் சரி', அதாவது ஆவணங்களைக் காட்டியதும் பணம் வரும் எல்.சி. என்றால் சரி என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அவர் வாயால் வரும்வரை நீங்கள் அதை எழுத வேண்டாம்.

இனி முழுப் பதில். அனுப்பும்போது ஆங்கிலத்தில்தான் போகும், வரிசையும் அளவும் இப்படி இருக்கட்டும்.

> நேற்றைய பதிலில் சில கேள்விகள் விடுபட்டுவிட்டன, மன்னிக்கவும். உங்கள் வரிசையிலேயே பத்துக்கும் கீழே பதில் எழுதியிருக்கிறேன். 7, 9 இரண்டுக்கும் மட்டும் பின்னால் பதில் வரும், தேதி கொடுத்திருக்கிறேன். உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டிய மூன்றும் கடைசியில்.
>
> 1. 180 ஜிஎஸ்எம், விலை: பீஸுக்கு 14 சென்ட் கூடும். துணி 200 கிராமிலிருந்து 225 கிராம் ஆவதால்.
>
> 2. அதே நூல்: 26 கவுண்ட்டில் 180 கொண்டுவந்தால் துணி விறைக்கும். 24 கவுண்ட் கோம்ப்டு நூலில் செய்கிறோம். நூல் மாற்றத்துக்குத் தனி விலை இல்லை. 1-இல் சொன்னதிலேயே அடக்கம்.
>
> 3. நிறத்துக்கு 1,200 பீஸ்: போதும். நிறத்துக்கு 270 கிலோ துணி, ஒவ்வொரு நிறமும் ஒரே சாய லாட்டில் வரும்.
>
> 4. நேவி வெளுப்பு: போனில் பேசியபடி, போன லாட்டின் சாம்பிளை ஐ.எஸ்.ஓ. 105-சி06 சோதனைக்கு அனுப்புகிறோம். முடிவு ஜூலை 10. புது லாட்டின் சோதனை ரிப்போர்ட்டை உங்களுக்கு அனுப்பி, நீங்கள் சரி என்ற பிறகுதான் நேவி துணி வெட்டுக்குப் போகும்.
>
> 5. லேப் டிப்: மூன்று நிறத்துக்கும் ஏ, பி, சி என மும்மூன்று, ஜூலை 9 அன்று கூரியரில் கிளம்பும். கூரியர் எண்ணை அன்றே அனுப்புகிறேன்.
>
> 6. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100: செப்டம்பர் 30 வரை செல்லும். சான்றிதழ் இணைப்பு 6. புதுப்பிக்க ஆகஸ்ட்டில் விண்ணப்பிக்கிறோம். சரக்கு கிளம்பும் முன் புதிய சான்றிதழ் அனுப்புவோம்.
>
> 7. ஆர்கானிக் பருத்தி விலை: முன்பே கேட்டிருந்தீர்கள், தாமதத்துக்கு வருந்துகிறோம். மில்லின் நூல் விலைக்குக் காத்திருக்கிறோம். ஜூலை 7 அன்று சொல்கிறேன்.
>
> 8. அக்டோபருக்குள் தூத்துக்குடி: நிற ஒப்புதலும் பி.ஓ.வும் ஜூலை 18-க்குள் வந்தால் முடியும். அக்டோபர் 14-க்குள் எங்கள் தொழிற்சாலையிலிருந்து சரக்கு கிளம்பும். அதற்குப் பிறகு தீபாவளிக்காகப் பத்து நாள் விடுமுறை. அதனால் ஜூலை 18 தள்ளிப்போனால் கப்பல் நவம்பருக்குப் போய்விடும்.
>
> 9. முன்பணத்துக்குப் பதில் எல்.சி.: எங்கள் நிர்வாக இயக்குநர் முடிவு செய்ய வேண்டும். ஜூலை 4 அன்று பதில் தருகிறேன்.
>
> 10. பார்கோடு ஸ்டிக்கர்: நாங்களே அடிக்கிறோம், தனிக் கட்டணம் இல்லை.
>
> உங்களிடமிருந்து வேண்டியவை: அ) மூன்று நிறங்களின் பேன்டோன் எண், ஜூலை 3-க்குள், 5-க்காக. ஆ) ஜூலை 18-க்குள் ஒப்புதலும் பி.ஓ.வும், 8-க்காக. இ) சைஸ் வாரியாக பார்கோடு எண்கள் எக்செல் கோப்பில், ஆகஸ்ட் இறுதிக்குள், 10-க்காக.

உங்கள் பழைய பதிலைப்போல இது மூன்று மடங்குக்கு மேல் நீளம். பரவாயில்லை. சுருக்கம் என்ற பெயரில் நாம் மிச்சம் பிடிக்கும் பத்து வரிக்கு, திரும்பத் திரும்ப நான்கு மெயில் எழுத வேண்டிவரும். ஆனால் மேலே இருந்த 'மிக்க நன்றி, மகிழ்ச்சி' போய்விட்டதைக் கவனித்தீர்களா? அந்த இடத்தில் எதற்குப் பதில் இருக்கிறது, எதற்கு இல்லை என்ற கணக்கு வந்துவிட்டது. அவசரத்தில் இருப்பவர் செல்போனில் அந்த நான்கு வரியைப் பார்த்துவிட்டு மற்றதை மாலையில் படித்துக்கொள்வார்.

நம்முடைய கேள்விகளைக் கடைசியில் எழுத்து போட்டுப் பிரித்ததற்கும் காரணம் உண்டு. அவற்றையும் எண்களுக்கு நடுவே விட்டால் அவருக்கு நேற்று உங்களுக்கு ஆனதே ஆகும்: பதிலோடு பதிலாகப் படித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவார். பேன்டோன் எண் வராமல் லேப் டிப் நின்றுபோனால் பழி யார்மேல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இணைப்புக் கோப்புக்கும் கேள்வியின் எண்ணையே பெயராக வையுங்கள். ஸ்கேன் செய்தபோது மெஷின் கொடுத்த பெயரிலேயே அனுப்பினால், ஆறு மாதம் கழித்து யாராலும் தேடி எடுக்க முடியாது.

அனுப்பும் முன் ஒரு சோதனை. பையரின் மெயிலை மூடி வைத்துவிட்டு உங்கள் பதிலை மட்டும், மெர்ச்சண்டைசிங்கிலேயே இல்லாத ஒருவரிடம் காட்டி, 'இவர் என்னென்ன கேட்டிருப்பார்?' என்று கேளுங்கள். அவர் பத்தையும் சொல்லிவிட்டால் சரி. அப்புறம் பையரின் மெயிலைத் திறந்து பென்சிலால் ஒவ்வொரு வாக்கியமாக அடித்துக்கொண்டே வாருங்கள். அடிபடாமல் நிற்கும் வாக்கியம் ஒன்று இருந்தால்கூட அனுப்பாதீர்கள்.

இந்த இரண்டு சோதனையையும் நான் கற்றுக்கொண்டது புத்திசாலித்தனத்தால் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'கார்ட்டனுக்கு 24 பீஸா, 36 பீஸா, கார்ட்டன் ஏழு பிளையா?' என்று ஒரு பையர் கேட்டிருந்தார். நான் கடைசிக் கேள்வியை மட்டும் பார்த்துவிட்டு 'எஸ், கன்ஃபர்ம்டு' என்று அடித்தேன். அவர் அதை 36-க்கான சம்மதமாக எடுத்துக்கொண்டார். நாங்கள் 24 போட்டுக் கட்டினோம். இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குத் தெரிந்தது. கட்டின கார்ட்டன் அத்தனையையும் பிரித்து, இரவு முழுக்க மறுபடி கட்டினோம். பேக்கிங் மாஸ்டர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. 'இதுவா அதுவா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று பதில் எழுதக் கூடாது என்பது அன்றைக்கு உறைத்தது. உங்கள் பார்கோடு கேள்வியும் அந்த மாதிரிதான்.

ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் பதில் திரட்ட முடியாத மெயிலும் வரும். நீங்கள் அன்றைக்கே பதில் போட்டாக வேண்டும் என்று அவசரப்பட்டதில்தான் இது தொடங்கியது என்று படுகிறது. அப்படி இருக்கும்போது, அன்றைக்கு ஒரு வரி போதும்: 'உங்கள் பத்துக் கேள்விகளையும் குறித்துக்கொண்டேன், எட்டுக்கு நாளை மாலைக்குள், இரண்டுக்கு இந்தத் தேதிகளில்.' பத்து என்று எண்ணிச் சொன்னதிலேயே, படித்திருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவருடைய கணக்கு பதினொன்றாக இருந்தால் அப்போதே சொல்லிவிடுவார்.

இப்போது நேவிக்காக அவருக்குப் போன் போடுங்கள். பேசி முடித்ததும் இந்த மெயிலை அதே தொடரில், சப்ஜெக்ட் வரியை மாற்றாமல், எம்.டி.யை சி.சி.யில் வைத்தே அனுப்புங்கள். அனுப்பிய கையோடு ஜூலை 4, 7, 9, 10 நான்கையும் காலண்டரில் போட்டுவிடுங்கள். ஜூலை 4 அன்று எம்.டி. ஊரில் இல்லாவிட்டாலும், '9-க்கு இன்னும் பதில் வரவில்லை, திங்கள்கிழமை சொல்கிறேன்' என்று ஒரு வரி அன்று போயாக வேண்டும்.